மூன்று காசா, ஐம்பது குச்சியா? யி ஜிங்கைக் கேட்க இரண்டு வழிகள்

‘ஐ சிங்’ என்று பலரும் சொல்லும் சீனத்துப் பழைய நூல் யி ஜிங். அதில் 64 உருவங்கள், ஒவ்வொன்றும் ஆறு கோடுகள். கோடு முழுசாக இருக்கலாம், நடுவில் உடைந்தும் இருக்கலாம். ஒரு கேள்வியை மனதில் வைத்து ஓர் உருவத்தை எடுத்து, அதற்கான வாசகத்தைப் படிக்க வேண்டும். எதிர்காலம் தெரியும் என்று நான் நம்புவதில்லை. ஆனால் ஒரு வரியைப் படித்ததும் மனசு எங்கே சுருங்குகிறது என்று கவனித்தால், முடிவெடுப்பவருக்கு அது கண்ணாடிதான். அந்தக் கண்ணாடியைக் காசால் எடுப்பதா, குச்சியால் எடுப்பதா என்பதுதான் இங்கே கேள்வி.

காசு முறை எளிது. மூன்று காசுகளை வீசுங்கள். தலைக்கு 3, பூவுக்கு 2. கூட்டுத்தொகை 7 என்றால் முழுக்கோடு, 8 என்றால் உடைந்த கோடு. 9 என்பது உடைந்ததாக மாறப்போகும் முழுக்கோடு, 6 என்பது முழுசாக மாறப்போகும் உடைந்த கோடு. ஆறு முறை வீசி, கீழிருந்து மேலாக எழுத வேண்டும். இரண்டு நிமிட வேலை.

குச்சி முறைக்கு மரபாக யாரோ என்ற செடியின் தண்டுகள் (பெயரே அதுதான், கேலி இல்லை). 50 ஈர்க்குச்சிகளே போதும். ஒன்றை ஒதுக்கிவிட்டு 49-ஐ இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். வலது குவியலிலிருந்து ஒரு குச்சியை இடக்கை விரலிடுக்கில் செருகிக்கொண்டு, இரு குவியல்களையும் நான்கு நான்காக எண்ணி, கடைசியில் நிற்பதை எடுத்துவிட வேண்டும். சரியாகத் தீர்ந்தால் கடைசி நான்கும் மிச்சம்தான். எஞ்சிய குச்சிகளை வைத்து இதையே இன்னும் இரண்டு தடவை செய்தால் ஒரு கோடு கிடைக்கும். ஆறு கோட்டுக்கு 18 தடவை. இன்று நாம் பின்பற்றும் இந்த வரிசை, 12-ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற சீன அறிஞர் பழைய உரைக் குறிப்பிலிருந்து மீட்டமைத்தது.

எண்ணுவதில் பிழை வந்தால் குச்சியே காட்டிக்கொடுக்கும். முதல் தடவை விரலிடுக்குக் குச்சியோடு சேர்த்து 5 அல்லது 9 ஒதுங்க வேண்டும், அடுத்த இரண்டில் 4 அல்லது 8. கடைசியில் கையில் 24, 28, 32, 36 இவற்றில் ஒன்றுதான் இருக்க முடியும். நான்கால் வகுத்தால் அதே 6, 7, 8, 9. காசில் இந்தக் காவல் இல்லை. மேலிருந்து கீழாக எழுதிவிட்டாலும் ஏதோ ஓர் உருவம் வந்து நிற்கும். 5-ஆவது உருவமான ‘காத்திருத்தல்’ தலைகீழானால் 6-ஆவதான ‘வழக்கு’ ஆகிவிடும்!

கணக்கிலும் வேறுபாடு உண்டு. 16 பங்காகப் பார்த்தால், காசில் 6-க்கும் 9-க்கும் தலா 2 பங்கு. குச்சியில் 6-க்கு 1, 9-க்கு 3. மாறும் கோடுகளின் மொத்தம் இரண்டிலும் 4 பங்குதான். ஆனால் குச்சியில் முழுக்கோடு எளிதில் மாறும், உடைந்த கோடு பெரும்பாலும் அப்படியே நிற்கும். வேகமும் வேண்டும், இந்தக் கணக்கும் வேண்டும் என்றால் 6, 7, 8, 9-க்கு ஒவ்வொரு நிறமாக, முறையே 1, 5, 7, 3 என நான்கு நிறங்களில் 16 மணிகளைப் பையில் போட்டு எடுக்கலாம். எடுத்த மணியை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

என் தோழி ஒருத்தி, இரண்டு வருடமாகத் தள்ளிப்போகும் பதவி உயர்வுக்கு இன்னும் காத்திருப்பதா, வேலையை விடுவதா என்று காசு போட்டாள். கீழிருந்து 7, 7, 9, 8, 7, 8 வந்தது. 5-ஆவது உருவம், ‘காத்திருத்தல்’. அப்பாடா என்றாள். அப்புறம் மாறும் மூன்றாவது கோட்டைப் படித்தாள்: சேற்றில் காத்திருப்பது, அது கொள்ளையரை வரவழைக்கும். முகம் மாறியது. உடனே காசை மறுபடி கையில் எடுத்தாள்.

காசின் பலவீனமே இதுதான்: பிடிக்காவிட்டால் இன்னொரு வீச்சு. 4-ஆவது உருவத்தின் வாசகம் இதைக் கண்டிக்கிறது. முதல் முறை கேட்டால் சொல்வேன், திரும்பத் திரும்பக் கேட்டால் தொந்தரவு, சொல்லமாட்டேன் என்கிறது. குச்சியில் அரை மணி நேரம் எண்ணியவருக்கு மறுபடி தொடங்க மனசு வராது. எண்ணும்போதே கேள்வியும் திருந்திக்கொள்ளும்.

நான் காசை வாங்கி வைத்துவிட்டேன். மூன்றாவது கோடு மாறினால் வருவது 60-ஆவது, ‘வரம்பு’. அந்தச் சீனச் சொல்லுக்கு மூங்கில் கணு என்றும் பொருள். கசக்கும் வரம்பைப் பிடித்துத் தொங்காதே என்கிறது வாசகம். “அப்போ எதுவரைக்கும் காத்திருப்பேன்னு நான்தான் தேதி வைக்கணுமா?” என்று கேட்டாள். விடுவதா வேண்டாமா என்ற கேள்வி அங்கேயே மாறிவிட்டது. காலண்டரை எடுத்து மார்ச் 31-ஐ வட்டமிட்டாள்.

சின்னக் கேள்விக்குக் காசு போதும். வாழ்க்கையைத் திருப்பும் கேள்விக்கு நான் குச்சியைத்தான் எடுப்பேன். என்ன, 50 ஈர்க்குச்சி சேர்க்க வீட்டு விளக்குமாற்றைப் பிரிக்க வேண்டியிருக்கும்.