கிளிப்போர்டு அறிவிப்பு: படித்தபின் சொல்லும் ஆண்ட்ராய்டு, படிக்குமுன் கேட்கும் ஐபோன்

போனில் நீங்கள் காப்பி செய்யும் எதுவும் கிளிப்போர்டுக்குப் போகிறது. அது எல்லா ஆப்களுக்கும் பொதுவான இடம். நீங்கள் பேஸ்ட் அழுத்தும் வரை அது சும்மா இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், திரையில் திறந்திருக்கும் ஆப் தானாகவே அதை எடுத்துப் படிக்க முடியும். 2020 ஜூனில் ஐஓஎஸ் 14 சோதனைப் பதிப்பு வந்ததும் இது வெளிச்சத்துக்கு வந்தது. டிக்டாக்கில் டைப் செய்யும்போதே, அது கிளிப்போர்டைப் படிப்பதாக அறிவிப்பு திரும்பத் திரும்ப வந்தது. ஸ்பாமைத் தடுக்க வைத்திருந்த வசதி என்று விளக்கம் சொல்லி, அந்த நிறுவனம் அதை நீக்கியது.

இப்போது இரண்டு தரப்பிலும் அறிவிப்பு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஒரு பாஸ்வேர்டைக் காப்பி செய்துவிட்டு, வழியில் ஒரு ஷாப்பிங் ஆப்பைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய போனில், அந்த ஆப் கிளிப்போர்டைப் படித்தால் திரையின் அடியில் ஒரு சின்னச் செய்தி வந்து மறையும்: இந்த ஆப் உங்கள் கிளிப்போர்டிலிருந்து பேஸ்ட் செய்தது என்று. அந்தச் செய்தி வரும்போது பாஸ்வேர்டு ஏற்கெனவே அந்த ஆப்பின் கைக்குப் போய்விட்டது. தடுக்க வழியில்லை, தெரிந்துகொள்ளத்தான் முடியும். அதுவும் காப்பி செய்த ஒரு விஷயத்துக்கு, ஒரு ஆப்புக்கு ஒரே ஒரு முறைதான் காட்டும்.

அதே வேலையை ஐஓஎஸ் 16 அல்லது அதற்குப் பிந்தைய ஐபோனில் செய்தால், ஆப் படிக்கும் முன்பே திரை நடுவில் அனுமதிப் பெட்டி வந்து நிற்கும். `Don't Allow Paste` அழுத்தினால் ஆப்புக்கு ஒன்றும் கிடைக்காது. ஐஓஎஸ் 14-இலும் 15-இலும் ஐபோனும் ஆண்ட்ராய்டைப் போல நடந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. நீங்களே விரலை அழுத்திப் பிடித்து வரும் மெனுவில் பேஸ்ட் கொடுத்தால், ஐபோன் எதுவும் கேட்காது. நீங்கள் விரும்பித்தான் செய்தீர்கள் என்று அதற்குத் தெரியும். ஆக, நீங்கள் பேஸ்ட் எதையும் அழுத்தாமலே பெட்டி வந்தால் ஆப் தன் போக்கில் கை நீட்டுகிறது என்று பொருள். ஆண்ட்ராய்டு இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. நீங்கள் பேஸ்ட் செய்தாலும் அதே செய்தி, ஆப் தானாகப் படித்தாலும் அதே செய்தி. அதனால் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்: பேஸ்ட் அழுத்தாமல், ஆப்பைத் திறந்த மாத்திரத்தில் செய்தி வந்தால் அது ஆப்பின் வேலை.

அப்படிப் படிக்கும் எல்லா ஆப்பையும் திருட்டு ஆப் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காப்பி செய்த லிங்க்கைத் திறக்கட்டுமா என்று பிரவுசர் கேட்பதும், பார்சல் எண்ணைத் தானே நிரப்பும் ஆப்பும் இதே வழியில் வேலை செய்யலாம். ஆனால் ஒரு கேம் ஆப்புக்கு இதில் என்ன வேலை? அங்கே சந்தேகப்படுவது சரிதான்.

சரி, எது மேல்? என் கணக்கில் ஐபோன் முறைதான். ஆப் வாரியாக முடிவு செய்யும் வசதியும் அதில் இருக்கிறது. 16.1 முதல், செட்டிங்ஸில் அந்தந்த ஆப்பின் பக்கத்தில் `Paste from Other Apps` என்று இருக்கும். கேள், மறு, அனுமதி என மூன்று தேர்வுகள். ஆப் ஒருமுறையாவது கேட்ட பிறகுதான் இந்த வரி தெரியும், அதனால் தேடிக் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். `Deny` வைத்தாலும் மெனு வழியே நீங்கள் பேஸ்ட் செய்வது நிற்காது. சாதாரண ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் இப்படி ஆப் வாரியாக மறுக்க இடமில்லை. பிரைவசி பகுதியில் இருக்கும் `Show clipboard access` சுவிட்ச் செய்தியைக் காட்டவும் மறைக்கவும் மட்டுமே. அதை அணைத்தால் ஆப் படிப்பது நிற்காது, உங்களுக்குத் தெரிவதுதான் நிற்கும். ஆகவே ஆனிலேயே விடுங்கள்.

ஆனாலும் ஆண்ட்ராய்டுக்கு ஒரு பலம் உண்டு: பதிப்பு 13 முதல், காப்பி செய்தது சிறிது நேரத்தில் தானாக அழிந்துவிடும். ஐபோனில், காப்பி செய்த ஆப் காலக்கெடு வைத்திருந்தாலொழிய, அடுத்ததைக் காப்பி செய்யும் வரை பழையது கிடக்கலாம். எந்தப் போனாக இருந்தாலும், பாஸ்வேர்டைப் பேஸ்ட் செய்த கையோடு ஏதாவது ஒரு சாதாரணச் சொல்லைக் காப்பி செய்துவிடுங்கள், பழையது போய்விடும்.

கீபோர்டு மட்டும் தனிக் கதை. ஆண்ட்ராய்டில் நீங்கள் தேர்ந்தெடுத்த கீபோர்டு கிளிப்போர்டைப் படித்தால் இந்தச் செய்தி வராது; பின்னணியில் இருக்கும் ஆப்களுக்கு ஆண்ட்ராய்டு 10 போட்ட தடையும் அதற்குக் கிடையாது. போதாக்குறைக்கு, பல கீபோர்டுகள் காப்பி செய்தவற்றைத் தங்கள் சொந்தப் பட்டியலில் சேர்த்து வைக்கின்றன. மேலே சொன்ன சாதாரணச் சொல் அந்தப் பட்டியலை அழிக்காது. கீபோர்டில் கிளிப்போர்டு ஐகானைத் தட்டி, பாஸ்வேர்டு அங்கே கிடந்தால் அழுத்திப் பிடித்து நீக்குங்கள்.