ஒற்றை பேஸ் குரல்: நீட்டிப் பாடுவதா, அடித்துப் பாடுவதா, சொல்லோடு பாடுவதா?

வாத்தியத் துணையில்லாமல் நான்கு பேர் மட்டும் பாடுகிற ஒரு சிறு பாட்டை அமைக்கும்போது, மேலே உள்ள மூன்று குரல்களை எப்படிப் பிரிப்பது என்பதை விட, கீழே பேஸ் என்னும் மிகத் தாழ்ந்த குரலில் பாடும் ஒருவருக்கு என்ன கொடுப்பது என்பதே கடினமான கேள்வி. பெரிய குழுவில் பேஸ் குரலில் நான்கைந்து பேர் இருந்தால் ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர்கள் சுரத்தைத் தாங்கிக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் பாடுகையில் அவர் மூச்செடுக்கும் கணத்தில் பாட்டின் தரையே காணாமல் போகிறது. ஆகவே அவருடைய மூச்சை அவர் பொறுப்பில் விட்டுவிட முடியாது. அது நாம் எழுதும் அமைப்பிலேயே இடம்பெற வேண்டும். இதற்கு வழக்கத்தில் உள்ள மூன்று வழிகளை ஒரே பாட்டில் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

அந்தப் பாட்டு 16 பார் நீளம் கொண்டது. ஒரு பாருக்கு நாலு அடி தாளம், நிமிடத்துக்கு 72 அடி வேகம், நான்கு பார்களாலான நான்கு வரிகள். முழுதும் பாடி முடிக்க ஏறக்குறைய 53 விநாடி ஆகும். ஆதார சுரமான ச-வை எஃப் சுருதியில் வைத்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு பாருக்கு ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரு சுரத் தொகுப்பு, என்ற கணக்கில் ச, த, ரி, ப ஆகியவற்றின் மேல் கார்டுகள் வரிசையாக வருகின்றன. பேஸ் பாடுபவருடையது மிக ஆழமான குரல் அன்று; 98 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள கீழ் ஜி வரை உறுதியாக வரும், அதற்குக் கீழே காற்றுதான் அதிகம். இந்தச் சுருதியில் அவருக்குரிய கோடு 175, 147, 98, 131 ஹெர்ட்ஸ் என்று அமைந்தது. இதே பாட்டை டி சுருதியில் எழுதியிருந்தால் மூன்றாவது பாரில் 82 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டியிருக்கும். மைக் இல்லாத அறையில் அந்தச் சுரம் பாடுபவரின் மார்பில்தான் அதிரும், கேட்பவரை எட்டாது. பாட்டின் சுருதியைப் பலரும் மேல் குரலுக்கு ஏற்றபடி முடிவு செய்கிறார்கள். பேஸ் குரல் ஒன்றே ஒன்றாக இருக்கும்போது, அந்தக் குரலின் கீழ் எல்லையிலிருந்து மேல்நோக்கிக் கணக்கிடுவதே சரி என்று எண்ணுகிறேன்.

முதல் வழி, ஒவ்வொரு கார்டின் மூல சுரத்தையும் ‘ஊ’ என்று நீட்டிப் பிடிப்பது. எழுதுவதற்கு எளிது, முதல் ஒத்திகையிலேயே அழகாகவும் ஒலிக்கும், ஏனெனில் அசையாத கீழ்ச்சுரத்தின் மேல் மற்ற மூவரும் தங்கள் சுரங்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. சிக்கல் மூச்சில் தொடங்குகிறது. ஒரு வரி 13 விநாடிக்கு மேல் நீள்கிறது. ஒரே மூச்சில் பிடிக்கக்கூடியதுதான், ஆனால் தாழ்ந்த சுரத்துக்குக் காற்று அதிகம் செலவாவதால் நான்காவது பாருக்கு வரும்போது ஒலி மெலிந்து, சுரமும் மெல்ல இறங்கத் தொடங்குகிறது. வரியின் முடிவில் அவசரமாக மூச்சிழுத்தால் அடுத்த வரியின் முதல் சுரம் தாமதமாக வருகிறது. இதற்கு நான் கண்ட மாற்று, ஒவ்வொரு வரியின் கடைசி அடியையும் பேஸுக்கு ஓய்வாக எழுதிவிட்டு, அந்த ஓர் அடியில் பேஸுக்கு அடுத்து மேலே உள்ள டெனர் குரல் சொல்லோடு நகரும்படி செய்வது. கேட்பவரின் காது நகரும் குரலைப் பின்தொடர்வதால் கீழே விழுந்த இடைவெளி அவ்வளவாகத் தெரிவதில்லை.

இந்த வழியில் இன்னொரு குறை உண்டு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஒத்திகைகள் தேவைப்பட்டன. நால்வரும் மிகத் துல்லியமாக ஒருவரோடொருவர் இசைந்து பாடினார்கள், ஒரு கார்டு கூடக் கலங்கவில்லை. ஆனாலும் 16 பார் முடிந்ததும் சுருதிக் குழலை ஊதிப் பார்த்தால் பாட்டு ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு கீழே இறங்கியிருந்தது. பேஸ் பாடியவர் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிறுத்திச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது: இறக்கம் கடைசியில் மட்டும் நேரவில்லை, நான்கு வரிகளிலும் ஏறத்தாழ சமமாக நேர்ந்திருந்தது. களைப்பினால் வரும் இறக்கம் பின்பகுதியில்தான் கூடுதலாகத் தெரியும். வரிதோறும் ஒரே அளவில் இறங்கினால் குற்றம் பாடுபவருடையது அன்று, அமைப்பினுடையது.

காரணம் இதுதான். ச கார்டிலிருந்து த கார்டுக்குப் போகையில் ச, க இரண்டும் பொதுச் சுரங்கள். அவை அசையாமல் நிற்க, அவற்றோடு இசைந்து த உருவாகிறது. அடுத்து ரி கார்டுக்குப் போகையில் த பொதுச் சுரம். அதற்குச் சுத்தமான ஐந்தாம் சுரத் தொலைவு கீழே பேஸ் பாடுபவர் ரி-யை வைக்கிறார். அப்படி வைத்த ரி, ச-விலிருந்து நேராக ப வழியே கணக்கிட்டு வரும் ரி-யை விடச் சற்றே தாழ்ந்தது. அந்த ரி-யைப் பொதுச் சுரமாகப் பிடித்து ப-வுக்கும், ப-விலிருந்து ச-வுக்கும் திரும்பும்போது, புறப்பட்ட ச-வை விட 81-க்கு 80 என்ற விகிதத்தில், அதாவது ஏறக்குறைய 22 சென்ட் தாழ்ந்த ச-வில் வந்து நிற்கிறோம். ஓர் அரைச்சுரம் என்பது 100 சென்ட். நான்கு வரிகளில் 86 சென்ட் போய்விடுகிறது. நன்றாக இசைந்து பாடுபவர்களுக்குத்தான் இந்த இறக்கம் முழுமையாக நேரும் என்பதை பேஸ் பாடியவரிடம் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. நீட்டிப் பிடிக்கும் வழியில் ஒவ்வொரு கார்டும் இசைந்து இறுகுவதற்கு நேரம் கிடைப்பதால் இங்கே இந்தக் குறை மிகுதியாகத் தலைகாட்டுகிறது.

மூன்றாவது பாரில் ரி-க்குப் பதிலாக ம கார்டை வைத்ததும் இறக்கம் நின்றது. மெட்டில் அந்த இடத்தில் ம நின்றதால் இரண்டு கார்டுக்கும் அது பொருந்தியது. ம கார்டில் ச பொதுச் சுரமாக நிற்பதால் பேஸ் அதைப் பற்றிக்கொண்டே ம-வை அடைகிறது. அங்கிருந்து ப-வுக்குப் பொதுச் சுரம் இல்லாததால் அதைப் பாடுபவர் தன் நினைவிலிருந்தே எடுக்க வேண்டும், பழைய சுரம் அவரைக் கீழே இழுப்பதில்லை. மேலும் 98 ஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் இப்போது 117 ஹெர்ட்ஸ் என்பதால், குரலின் எல்லைக்கும் பாட்டுக்கும் இடையே கொஞ்சம் இடமும் கிடைத்தது.

இரண்டாவது வழி, பேஸை ஒரு தாள வாத்தியம் போல நடத்துவது: முதல் அடியிலும் மூன்றாவது அடியிலும் ‘தூம்’ என்று ஒன்றரை அடி நீளத்துக்கு ஒலித்து, அரை அடி விடுவது. இந்த வேகத்தில் அரை அடி என்பது 0.4 விநாடி, சிறு மூச்சுக்கு அது போதும். ஆகவே மூச்சுச் சிக்கல் இங்கே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது, அதோடு மேல் குரல்களுக்குத் தாளமும் கிடைக்கிறது. எழுத்தொலியைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ‘டும்’ என்றால் தொடக்கம் கூர்மையாகி வேகப் பாட்டுக்கு ஏற்றதாகிறது. இதைப் போன்ற மெதுவான பாட்டில் அது தட்டுவது போல் கேட்கிறது. ‘ம்’ என்று சீக்கிரமே உதட்டை மூடினால் ரீங்காரம் இனிமையாக இருக்கும், ஆனால் ஒலி பாதியாகக் குறையும். மைக் இல்லாதபோது ‘தூ’வை நீளமாகத் திறந்து வைத்து, கடைசி நொடியில் மட்டும் ‘ம்’ சேர்ப்பது பலன் தந்தது.

அடித்துப் பாடுவதன் ஆபத்துகளில் ஒன்று, ஒவ்வொரு சுரத்தையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருப்பதால் கீழிருந்து வழுக்கி மேலேறும் பழக்கம் தொற்றிக்கொள்வது. அதே வரியை ‘தூம்’ இல்லாமல் ‘நா நா’ என்று மெல்லப் பாடச் சொன்னால் வழுக்கல் உடனே வெளிப்படும். மற்றொன்றை எழுதுபவர்களே கவனிக்கத் தவறுகிறார்கள்: பேஸ் ஓயும் அந்தச் சிறு இடைவெளியில் அடுத்துத் தாழ்ந்திருக்கும் டெனர்தான் பேஸ் ஆகிறது. முதல் பாரில் டெனர் க-வில் நிற்பதால் பேஸ் விலகினாலும் கார்டு சாய்வதில்லை. இரண்டாவது பாரிலோ அதே க, த கார்டின் ஐந்தாம் சுரமாகிவிடுவதால், பேஸ் விலகியதும் கார்டு ஒற்றைக் காலில் நிற்பது போலத் தள்ளாடுகிறது. அரை அடி வரை காது பழைய சுரத்தை நினைவில் வைத்துப் பொறுத்துக்கொள்ளும். ஓர் அடிக்கு மேல் போனால் பொறுப்பதில்லை. ஆகவே அந்தப் பாரில் மட்டும் இடைவெளி இல்லாமல் பேஸை நீட்டி எழுதினேன்.

மூன்றாவது வழியான சொல்லோடு பாடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நால்வரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் உச்சரிப்பதால் மூச்சும் ஒரே நேரத்தில் வருகிறது. அந்த மௌனம் பாட்டின் நிறுத்தமாகவே கேட்பவருக்குத் தோன்றும், குறையாகத் தோன்றாது. சொல் தெளிவாகச் சென்று சேர்வதிலும் இதற்கு நிகர் வேறில்லை. ஆனால் 16 பாரும் இப்படியே போனால் நான்கு குரலும் ஒரே கட்டியாக நகர்ந்து, பேஸ் இருப்பதே மறந்துபோகும். தாழ்ந்த சுரத்தில் பெரிய தாவல்களோடு சொற்களைப் பாடும்போது மெய்யெழுத்துகள் விழுங்கப்படுவதும் உண்டு.

மூன்றையும் பாடிக் கேட்டபின் நான் முடிவு செய்தது இது: முதல் மூன்று வரிகளுக்கு இரண்டாவது வழி, நான்காவது வரிக்கு மூன்றாவது வழி. தனித்து அடித்துக்கொண்டிருந்த குரல் கடைசி வரியில் சொல்லுக்குள் வந்து சேரும்போது, மெட்டை மாற்றாமலே பாட்டு முடிவை நெருங்குவது தெரிகிறது. நீட்டிப் பிடிக்கும் வழியை முழுப் பாட்டுக்கும் தேர்ந்தெடுப்பவர்கள் வேகம் இன்னும் குறைவாகவும், வரிகள் இரண்டு பார் அளவில் சிறியனவாகவும் இருக்கும் பாட்டுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

கடைசிக் கார்டில் மட்டும் ஒரு தயக்கம் இருந்தது. பேஸ் 175 ஹெர்ட்ஸில் முடிக்க வேண்டுமா, ஒரு ஸ்தாயி இறங்கி 87 ஹெர்ட்ஸில் முடிக்க வேண்டுமா? குரல் நன்றாக இருக்கும் நாளில் கீழ்ச்சுரம் அற்புதமாக இருக்கும், இல்லாத நாளில் கார்டுக்கு அடியே இருக்காது. டெனரை 220 ஹெர்ட்ஸில் உள்ள க-வில் நிறுத்தியதால் இரண்டும் பொருந்தின: பேஸ் மேலே நின்றால் இருவருக்கும் இடையே மூன்றாம் சுரத் தொலைவு, கீழே இறங்கினால் பத்தாம் சுரத் தொலைவு, இரண்டிலும் ஒலி கலங்குவதில்லை. ஆகவே மேல் சுரத்தைப் பெரிதாகவும் கீழ்ச்சுரத்தை அடைப்புக்குறிக்குள் சிறிதாகவும் எழுதி, எதைப் பாடுவது என்பதை அன்றைய தினம் அவரே முடிவு செய்யும்படி விட்டுவிட்டேன்.