வரிசை மாறினால் யாருக்குக் கணக்கு மாறும்?

டிஸ்க் ஷெட்யூலிங் பாடத்தில், ஒரே கோரிக்கைகளை மூன்று வரிசைகளில் கொடுத்து, ஒவ்வொரு முறையிலும் வட்டில் படித்து எழுதும் ஹெட் எவ்வளவு நகரும் என்று கேட்கும் கேள்வி இது. சிலிண்டர்கள் 0 முதல் 199 வரை, ஹெட் நிற்பது 50-இல், கோரிக்கைகள் எல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிட்டன.

அ: 95, 180, 44, 130, 20, 60
ஆ: 60, 44, 95, 20, 130, 180
இ: 20, 44, 60, 95, 130, 180

எஃப்சிஎஃப்எஸ் வந்த வரிசையிலேயே போகும். அ-வில் 45+85+136+86+110+40, ஆக 502. ஆ-வில் 312, இ-யில் 190.

எஸ்எஸ்டிஎஃப் எப்போதும் பக்கத்தில் இருப்பதைத்தான் தேடும். எது முன்னால் வந்தது என்று பார்க்காது. 50-இலிருந்து 44, 60, 95, 130, 180, கடைசியில் 20. மொத்தம் 302. மூன்று வரிசைக்கும் இதே விடைதான். ஒரு திசையில் போய்த் திரும்பி வரும் ஸ்கேன், லுக் இரண்டும் அப்படியே, வந்த வரிசையைப் பார்ப்பதில்லை. இது தெரியாமல் மூன்று தடவை போட்டு நேரத்தைத் தொலைப்பவர்கள் நிறைய.

இ-யில் எஃப்சிஎஃப்எஸ் 190, எஸ்எஸ்டிஎஃப் 302. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று அடித்துவிட வேண்டாம், சரிதான். 20-க்கும் 180-க்கும் இடையே 160. அருகிலுள்ள முனை 30 தள்ளி இருக்கிறது. எந்த முறையாலும் 190-க்குக் கீழே இறங்க முடியாது. எஸ்எஸ்டிஎஃப் 60-இல் நிற்கும்போது 95-க்கு 35, 20-க்கு 40. அந்த ஐந்தை மிச்சம் பிடிக்கப் போய், கடைசியில் 180-இலிருந்து 20-க்கு 160 திரும்பி வருகிறது.

60-க்குப் பதில் 68 இருந்தால் இன்னும் வேடிக்கை. 44-இலிருந்து 20-உம் 68-உம் சரியாக 24. 20-க்குத் திரும்பினால் மொத்தம் 190, 68-க்குப் போனால் 302. சமம் வந்தால் எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

போகும் பக்கத்தின் கடைசிக் கோரிக்கையிலேயே திரும்பிவிடும் லுக்கின் விடையைத் திசை தீர்மானிக்கிறது: பெரிய எண் பக்கம் கிளம்பினால் 290, சின்ன எண் பக்கம் என்றால் 190. ஸ்கேன் வட்டின் ஓரம் வரை போவதால் 328, 230. கேள்வியில் ஸ்கேன் என்று கேட்டிருக்க, 180-இலேயே திரும்பி 290 எழுதுவதுதான் வழக்கமாக மதிப்பெண் போகும் இடம். ஒரே திசையில் மட்டும் கோரிக்கைகளை முடிக்கும் சி-ஸ்கேனில் 199-இலிருந்து 0-க்குத் தாவுவதைச் சேர்த்தால் 392, விட்டால் 193. கேள்வி சொல்லாவிட்டால் எதைக் கொண்டீர்கள் என்று குறிப்பிடுங்கள்.

வரிசை முக்கியமில்லை என்றது, எல்லாம் முன்பே வந்திருந்தால் மட்டும். நமது முதல் பட்டியலில் 95 மட்டும் தாமதமாக, ஹெட் 60-ஐ விட்டு 20-க்குக் கிளம்பிய பிறகு வருகிறது என்று வையுங்கள். அப்போது எஸ்எஸ்டிஎஃப் 44, 60, 20 முடித்து 95, 130, 180 என்று ஏறும். 6+16+40+160, அதாவது 222. ஒரு கோரிக்கை தாமதமானதால் நகர்வு 80 குறைந்துவிட்டது.