எடைமேடையில் 10.42, கேட்டில் 10.49: கடிகாரம் ஒத்துப்போக மூன்று வழிகள்

கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். போன சீசனில் பெங்களூரா மாங்காய் லோடு ஒன்றுக்கு எடை குறைகிறது என்று தகராறு வந்தது. எடைமேடை ரசீதில் 10.42. கேட் கேமராவிலோ அதே வண்டி 10.49க்குத்தான் உள்ளே நுழைகிறது. வருவதற்கு முன்பே எடை போட்டிருக்கிறோம்! வியாபாரி சிரித்துவிட்டார். இரண்டு லாக்கும் அதோடு மதிப்பிழந்தன.

கணினிக்குள் நேரம் காட்டும் சாதாரண கிரிஸ்டல் 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 விநாடி ஓடிவிடும். யாரும் திருத்தாவிட்டால் ஒரு வருடத்தில் பத்து நிமிடம். சரி, எப்படித் திருத்துவது? என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, ஒவ்வொரு கருவியும் தானே இணையத்தில் நேரம் கேட்பது. செலவில்லை. ஆனால் ஃபைபர் அறுந்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் நகரும். தனியாக நிற்கும் பழைய விண்டோஸ் கணினி வாரத்துக்கு ஒருமுறைதான் கேட்கும். நடுவில் அது என்ன காட்டுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது, ஜி.பி.எஸ். ரிசீவர் வாங்கி நாமே ஸ்ட்ராட்டம் 1 ஆவது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அணுக்கடிகாரம், ஜி.பி.எஸ். போன்றவை ஸ்ட்ராட்டம் 0. அவற்றோடு நேரடியாக இணைந்த சர்வர் 1. அதைக் கேட்பது 2. இப்படி 15 வரை போகும். 16 என்றால் இன்னும் நேரம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இது மூலத்திலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறோம் என்ற கணக்கு மட்டுமே, துல்லியத்துக்கான மதிப்பெண் இல்லை. விநாடித் துடிப்பு (பி.பி.எஸ்.) தராத மலிவான யூ.எஸ்.பி. ரிசீவரில் நேரம் பத்து, நூறு மில்லி விநாடி என்று ஆடும். நல்ல இணைப்பில் இருக்கும் ஸ்ட்ராட்டம் 3 சர்வர் அதைவிட மேல். தகரக் கூரைக்கு வெளியே ஆன்டெனாவுக்கு ஒயர் இழுக்கும் வேலை வேறு.

மூன்றாவது, அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் பெட்டியில் குரோனி என்ற நேர மென்பொருளைப் போட்டு, அது மட்டும் வெளியே கேட்பது. மற்ற எல்லாம் அதைக் கேட்பது. நான் இதைத்தான் போட்டேன்.

```
server samay1.nic.in iburst
server time.nplindia.org iburst
pool in.pool.ntp.org iburst
makestep 1.0 3
allow 192.168.10.0/24
local stratum 10
```

இரண்டு மூலம் மட்டும் இருந்து அவை முரண்பட்டால் எது பொய் என்று தெரியாது. மூன்றாவது ஒன்று வேண்டும். அதனால்தான் பூல் எனப்படும் பொது நேர சர்வர் கூட்டத்தையும் சேர்த்தேன். அரசின் தகவலியல் மையமான என்.ஐ.சி., தேசிய இயற்பியல் ஆய்வகமான என்.பி.எல். இரண்டின் சர்வரையும் வைத்ததற்கு இன்னொரு காரணம், அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட 2022 ஏப்ரல் உத்தரவு அவற்றோடு நேரத்தை ஒத்துப்போகச் செய்யச் சொல்கிறது. லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. கடைசி வரி, இணையம் போனாலும் உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் இருப்பதற்காக. அதில் ஓர் ஆபத்தும் உண்டு: பெட்டியே தப்பான நேரத்தோடு எழுந்தால் அந்தத் தப்பை ஊருக்கெல்லாம் பரப்பும்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க `chronyc sources`. வரியின் தொடக்கத்தில் `^*` இருந்தால் அதைத்தான் பின்பற்றுகிறது. `^?` என்றால் இன்னும் பயன்படுத்தும் நிலையில் இல்லை, பெரும்பாலும் எட்டவே இல்லை. `^x` என்றால் பொய் சொல்கிறது என்று ஒதுக்கிவிட்டது.

இந்த வழியும் எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் எடைமேடைக் கணினியில் இ-வே பில் தளம் திறக்கவில்லை. `NET::ERR_CERT_DATE_INVALID`. தளத்தில் கோளாறு என்று நினைத்தார்கள். மூலையில் பார்த்தால் தேதி 2015 ஜனவரி 1. சான்றிதழுக்கு ஒரு தொடக்க நாளும் ஒரு முடிவு நாளும் உண்டு. 2015இல் நிற்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. லாக்குக்கு விநாடிக் கணக்கு முக்கியம். சான்றிதழுக்கு நாள் சரியாக இருந்தால் போதும்.

என் சர்வர் பக்கத்திலேயே இருந்தும் ஏன் திருந்தவில்லை? டொமைனில் சேராத விண்டோஸ், இயல்பு நிலையில் 54,000 விநாடிக்கு, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாற்ற மறுத்துவிடும். குரோனிக்கு முந்தைய நேர மென்பொருளான என்.டி.பி.டியும் 1000 விநாடிக்கு மேல் என்றால் `-g` இல்லாமல் நின்றுவிடும். நம் குரோனியில் `makestep` வரி இருப்பதால் முதல் மூன்று அளவீட்டுக்குள் எவ்வளவு பெரிய பிழையானாலும் ஒரே தாவலில் சரிசெய்யும். விண்டோஸ் கணினிக்கு மருந்து மதர்போர்டில் ஒரு புதிய CR2032 பேட்டரி. அப்புறம் கையால் ஒருமுறை தேதி வைத்தேன்.

கேமரா ரெக்கார்டரிலும் என் சர்வர் முகவரியைக் கொடுத்தேன். உடனே சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் நின்றது. அது கடிகாரப் பிழை இல்லை, டைம்சோன். GMT+5:30 வைத்ததும் எடைமேடையும் கேட்டும் ஒரே விநாடியைக் காட்டின.