ஏ.ரி.ஆர்., ஆர்.எஸ்.ஐ. இரண்டையும் விரிதாளில் கையால் கணித்த மூன்று ஆண்டுகள்

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டில் மாலைத் தேநீருக்குப் பிறகு நான் மடிக்கணினியைத் திறந்து மூன்று எண்களை உள்ளிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கொழும்புப் பங்குச் சந்தையில் நான் வைத்திருக்கும் ஒரு நிறுவனப் பங்கின் அன்றைய உச்ச விலை, தாழ்ந்த விலை, இறுதி விலை ஆகியனவே அவை. சந்தை பிற்பகல் 2.30 மணிக்கு மூடிவிடுவதால், நான் வேலை முடிந்து வீடு வருவதற்குள் அன்றைய விலைகள் கிடைத்துவிடும். இந்த விலைகளிலிருந்து கணிக்கப்படும் ஏ.ரி.ஆர்., ஆர்.எஸ்.ஐ. என்ற இரண்டு குறிகாட்டிகளையும் வரைபடச் செயலி ஒரு நொடியில் வரைந்து தருகிறது என்றாலும், அவை எதை அளக்கின்றன என்று ஒருவர் கேட்டால் என்னால் விடை சொல்ல முடியாமல் இருந்தது. அதனால்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இவற்றைக் கையால் கணிக்கத் தொடங்கினேன்.

இரண்டையும் 1978இல் வெளியிட்டவர் அமெரிக்கரான வெல்ஸ் வைல்டர். செயலிகள் இன்றும் முன்னிருப்பாக எடுத்துக்கொள்ளும் 14 நாள் என்ற கணக்கும் அவருடையதே. என் தாளில் A நெடுவரிசையில் திகதியும், B, C, D ஆகியவற்றில் உச்சம், தாழ்வு, இறுதி விலை ஆகியனவும் இருக்கின்றன. எஞ்சியவை இவ்வளவுதான்:

```
E3   =MAX(B3-C3, ABS(B3-D2), ABS(C3-D2))
F16  =AVERAGE(E3:E16)
F17  =(F16*13+E17)/14
G3   =MAX(D3-D2,0)
H3   =MAX(D2-D3,0)
I16  =AVERAGE(G3:G16)
J16  =AVERAGE(H3:H16)
I17  =(I16*13+G17)/14
J17  =(J16*13+H17)/14
K16  =100*I16/(I16+J16)
```

E என்பது ஒரு நாளின் மெய்வீச்சு, அதாவது உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான தூரம், முந்தைய இறுதி விலையிலிருந்து உச்சம் வரையிலான தூரம், தாழ்வு வரையிலான தூரம் ஆகிய மூன்றில் பெரியது. F என்பது அதன் சராசரியான ஏ.ரி.ஆர். G, H இரண்டும் முந்தைய நாள் இறுதி விலையிலிருந்து அன்று ஏறியதையும் இறங்கியதையும் தனித்தனியே வைக்கின்றன. I, J அவற்றின் சராசரிகள். K என்பது ஆர்.எஸ்.ஐ. புத்தகங்களில் காணப்படும் 100 − 100/(1+RS) என்ற வடிவமும் K16இல் இருப்பதும் ஒன்றே; அங்கே RS என்பது ஏற்றச் சராசரியை இறக்கச் சராசரியால் வகுத்தது. ஆனால் இந்த வடிவத்தில் எழுதியபோதுதான், விலை மொத்தமாக அசைந்த தொகையில் மேல்நோக்கிய பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்பதையே அது சொல்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஆர்.எஸ்.ஐ. 70 என்றால், பங்கு அசைந்த ஒவ்வொரு பத்து ரூபாயிலும் ஏழு ரூபாய் மேல்நோக்கிச் சென்றது என்று பொருள். 70க்கு மேல் போனால் விலை மிகையானது, 30க்குக் கீழே போனால் மலிவானது என்று வழக்கமாகச் சொல்வார்கள், ஆனால் அப்படி அந்த எண்ணில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நாளுக்குப் பத்துச் சதம் வீதம் இடைவிடாமல் ஏறி, ஒரு நாளும் இறங்காத பங்குக்கும் ஆர்.எஸ்.ஐ. 100தான்.

மெய்வீச்சில் மூன்று எண்களில் பெரியதை ஏன் எடுக்க வேண்டும் என்பதை ஒரே ஒரு நாள் எனக்கு விளக்கிவிட்டது. முந்தைய நாள் இறுதி விலை 142.00 ரூபாய். மறுநாள் பங்கு தாழ்வாகவே திறந்தது, உச்சம் 139.50, தாழ்வு 137.00, இறுதி 138.00. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான தூரம் 2.50 ரூபாய் மட்டுமே. முந்தைய நாள் வரை ஏ.ரி.ஆர். 2.80 ஆக இருந்தது. இந்த 2.50ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் புதிய சராசரி 2.78 ஆகக் குறைகிறது. அதாவது ஒரே நாளில் நான்கு ரூபாய் விழுந்த பங்கை முன்பைவிட அமைதியானது என்று தாள் சொல்லும். முந்தைய இறுதி விலையிலிருந்து தாழ்வு வரையிலான 5.00 ரூபாயை எடுத்தால் சராசரி 2.96 ஆகிறது. சந்தை மூடியிருந்த இரவில் நடந்த பாய்ச்சலையும் கணக்கில் சேர்ப்பதற்காகவே முந்தைய இறுதி விலை உள்ளே வருகிறது. இந்த ஒரு வரியைக் கையால் போட்டுப் பார்த்த பிறகு அந்தச் சூத்திரத்தை நான் மறந்ததே இல்லை.

நான் செய்த பெரிய தவறு ஆர்.எஸ்.ஐ.யில்தான் நிகழ்ந்தது. தொடக்கத்தில் G, H நெடுவரிசைகளுக்கு மேலே காட்டிய சூத்திரங்களை நான் எழுதவில்லை. விலை ஏறிய நாளில் ஏற்றத்தை G-யிலும், இறங்கிய நாளில் இறக்கத்தை H-இலும் கையால் உள்ளிட்டு, மற்றக் கட்டத்தை வெறுமையாக விட்டுவந்தேன். முதல் 14 நாட்களில் ஒன்பது நாள் ஏற்றமும் ஐந்து நாள் இறக்கமும் இருந்தன. ஏற்றங்களின் கூட்டுத்தொகை 14.00 ரூபாய், இறக்கங்களின் கூட்டுத்தொகை 8.40 ரூபாய். என் தாள் காட்டிய ஆர்.எஸ்.ஐ. 48. வரைபடச் செயலியோ அறுபதுக்கு மேல் காட்டியது. வேறு முறையில் கணிக்கிறார்கள் போலும் என்று எண்ணி நான் தொடர்ந்தேன். ஏறக்குறைய இரண்டரை மாதம் கழித்து இரண்டு எண்களும் ஒரு புள்ளிக்குள் ஒன்றியபோது, என் தாள் சரியாகத்தான் இருந்தது என்ற நம்பிக்கையும் வந்துவிட்டது.

பிழையைக் கண்டுபிடித்தவர், உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படித்துக்கொண்டிருந்த என் தங்கையின் மகன். ஒரு விடுமுறை நாளில் தாளை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தவர், “மாமா, ஒரு நாள் விலை எவ்வளவு அசைஞ்சது எண்டதை நீங்கள் ரெண்டு இடத்தில வைச்சிருக்கிறியள். ரெண்டும் ஏன் ஒத்துவரேல்லை?” என்று கேட்டார். அவர் காட்டிய இடம் முதல் சராசரி வரி. அங்கே ஏற்றச் சராசரி 1.56, இறக்கச் சராசரி 1.68, கூட்டினால் 3.24. அதே வரியில் ஏ.ரி.ஆர். 2.80.

இது நடக்கவே முடியாது என்பதை அன்றிரவு முழுவதும் உட்கார்ந்து உறுதி செய்துகொண்டேன். ஒரு நாளின் இறுதி விலை அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலேயே இருக்கும். ஆகவே முந்தைய இறுதி விலையிலிருந்து இன்றைய இறுதி விலை வரையிலான தூரம் அன்றைய மெய்வீச்சைத் தாண்டாது. ஒவ்வொரு நாளிலும் தாண்டாது எனில், அதே நாட்களுக்கு அதே முறையில் எடுத்த சராசரியிலும் தாண்டாது. ஆக, I, J இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் F-க்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருக்க வேண்டும். ஆர்.எஸ்.ஐ. சூத்திரத்தில் கீழே நிற்கும் அந்தக் கூட்டுத்தொகையே ஏ.ரி.ஆர். என்னும் அளவின் குறுகிய வடிவம் என்பதும், வகுத்தவுடன் ரூபாய்க் கணக்கு மறைந்து திசையின் பங்கு மட்டும் எஞ்சுகிறது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கின. சோதித்துப் பார்க்க, தாளைப் படியெடுத்து எல்லா விலைகளையும் பத்தால் பெருக்கினேன். ஏ.ரி.ஆர். பத்து மடங்காகியது, ஆர்.எஸ்.ஐ. ஒரு தசமப் புள்ளியும் நகரவில்லை.

காரணம் எளியது. AVERAGE வெறுமையான கட்டங்களைத் தவிர்த்துவிடுகிறது. அதனால் 14.00ஐ 14ஆல் வகுக்காமல் 9ஆலும், 8.40ஐ 14ஆல் வகுக்காமல் 5ஆலும் வகுத்துவிட்டது. சுழியம் இட்டிருந்தால் சராசரிகள் 1.00, 0.60 என்றும், ஆர்.எஸ்.ஐ. 62.5 என்றும் வந்திருக்கும். அதற்கு மறுநாள், மேலே சொன்ன நான்கு ரூபாய் வீழ்ச்சியில், சரியான தாளில் ஏற்றச் சராசரி 0.93 ஆகவும் இறக்கச் சராசரி 0.84 ஆகவும் மாறி, ஆர்.எஸ்.ஐ. 52.4க்கு இறங்குகிறது. என் பழைய தாளோ 43.9 என்று காட்டிக்கொண்டிருந்தது. ஐம்பதுக்கு மேலா கீழா என்பதே மாறிவிடும் அளவுக்குப் பிழை பெரியது.

அப்படியானால் இரண்டரை மாதத்தில் எண்கள் எப்படி ஒன்றின? அடுத்தடுத்த வரிகளில் வெறுமையான கட்டம் கூட்டலில் சுழியமாகவே கொள்ளப்படுவதால், பிழை முதல் சராசரியில் மட்டுமே இருந்தது. வைல்டரின் முறையில் ஒவ்வொரு நாளும் பழைய சராசரியில் பதினான்கில் பதின்மூன்று பங்கு மட்டும் தொடர்கிறது. ஒன்பது, பத்து நாட்களில் முதல் எண்ணின் பாதி கரைந்துவிடும். 50 நாட்களில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு எஞ்சும். 100 நாட்களுக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒன்றுமிராது. தாள் தன் பிழையை மறந்ததே தவிர, நான் அதைத் திருத்தவில்லை. புதிதாகத் தாள் தொடங்குபவர்கள் செயலியின் எண்ணோடு உடனே ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். செயலி பல ஆண்டுகளுக்கு முன்பிருந்து கணித்து வருவதால், சரியான தாளும் தொடக்கத்தில் சில புள்ளிகள் விலகியே நிற்கும். குறைந்தது 100 பழைய நாட்களின் விலைகளையேனும் முன்னதாக உள்ளிட்ட பிறகே ஒப்பிட வேண்டும். அதன் பிறகும் விலகல் நீடித்தால், செயலி வைல்டர் முறைக்குப் பதிலாக எளிய சராசரியை எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எளிய சராசரியில் பதினான்கு நாள் முழு எடையோடு நின்ற ஒரு வீழ்ச்சி பதினைந்தாம் நாள் ஒரேயடியாக வெளியேறுவதால், அன்று விலை அசையாமலேயே ஆர்.எஸ்.ஐ. துள்ளும்.

எங்கள் சந்தைக்கே உரிய இரண்டு தொல்லைகளையும் சொல்ல வேண்டும். கொழும்பில் பல பங்குகள் சில நாட்களில் கைமாறுவதே இல்லை. அந்த நாட்களில் உச்சமும் தாழ்வும் வெறுமையாக இருந்தால், மெய்வீச்சுச் சூத்திரம் அவற்றைச் சுழியமாக எடுத்து, 142 ரூபாய்ப் பங்கின் வீச்சு 142 ரூபாய் என்று எழுதிவிடும்; 2.80 ஆக இருந்த ஏ.ரி.ஆர். ஒரே நாளில் 12.74 ஆகும். அத்தகைய நாட்களின் வரியை நான் முற்றாக நீக்கிவிடுகிறேன். மற்றது, சந்தையே மூடிக்கிடந்த காலம். 2020 மார்ச்சில் மூடப்பட்டு மே 11இல் மீண்டும் திறக்கும் வரை வாரக்கணக்கில் வணிகம் நடக்கவில்லை. 2022 ஏப்ரலிலும் ஒரு வாரம் மூடப்பட்டிருந்தது. பழைய விலைகளை உள்ளிடும்போது அந்த இடைவெளி முழுவதும் ஒரே வரியின் மெய்வீச்சாக வந்து விழுவதைக் காணலாம். அதை நான் நீக்குவதில்லை. பங்கை வைத்திருந்தவர் அந்தப் பாய்ச்சலை உண்மையாகவே அனுபவித்தார். ஆனால் அதற்குப் பிந்தைய ஒரு மாத எண்களை அந்த ஒரு வரியின் நிழல் என்று எண்ணியே வாசிக்கிறேன்.

பயன்பாட்டில் இன்று எஞ்சியிருப்பது குறைவு. ஏ.ரி.ஆர். எண்ணை இறுதி விலையால் வகுத்து நூற்றுவீதமாக வைத்திருக்கிறேன். மேலே சொன்ன நாளில் அது 2.1. இரண்டு பங்குகளை ஒப்பிட ரூபாய்க் கணக்கு உதவாது, இது உதவுகிறது. ஆர்.எஸ்.ஐ. 70, 30 கோடுகளைப் பார்த்து வாங்குவதையும் விற்பதையும் நிறுத்திவிட்டேன். அதற்கு மாற்றாக L நெடுவரிசையில் ஒரு சரிபார்ப்பு வைத்திருக்கிறேன்:

```
L16  =F16-(I16+J16)
```

இது ஒருபோதும் குறை எண்ணாகக் கூடாது. கடைசியாக அது குறை எண்ணாகியது, அந்த நான்கு ரூபாய் வீழ்ச்சி நாளின் வரியைப் புதிய தாளுக்கு மாற்றி எழுதியபோது. F 2.96, I 3.86, J 0.56 என்று வந்து, L −1.46 காட்டியது. 138 என்று எழுத வேண்டிய இறுதி விலையை நான் 183 என்று உள்ளிட்டிருந்தேன்.