கிடங்குக்கு எல்பிஜி ஃபோர்க்லிஃப்டா, டீசலா: மணிக்கணக்குச் செலவும் உள்ளே நிற்கும் காற்றும்

2.5 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரண வேலைக்கு டீசல் வண்டி மணிக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 லிட்டர் குடிக்கும். அதே வேலைக்கு எல்பிஜி வண்டி 2.2 முதல் 3 கிலோ வரை எரிக்கும். ஒரு கிலோ எல்பிஜியில் ஒரு லிட்டர் டீசலைவிட வெப்பம் அதிகம்தான். ஆனால் டீசல் எஞ்சின் தன் எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை வாங்கிவிடுவதால் கணக்கு சமமாகிவிடுகிறது. ஆகவே உங்கள் ஊரில் ஒரு கிலோ எல்பிஜி என்ன விலை, ஒரு லிட்டர் டீசல் என்ன விலை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே எது மலிவு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எல்பிஜியை லிட்டரில் விற்றால் மட்டும் கவனம் வேண்டும்: அதன் ஒரு லிட்டர் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

விற்பவர் தரும் எண்ணை நம்பாமல் சோதனை ஓட்டத்தில் நீங்களே அளந்துவிடுங்கள். டீசல் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி விளிம்பு வரை நிரப்பினால் ஊற்றிய அளவே செலவு. எல்பிஜி சிலிண்டரை மாட்டும் முன்னும் கழற்றிய பின்னும் எடை போடுங்கள். இரண்டையும் வண்டியின் ஹவர் மீட்டர் காட்டும் மணிநேரத்தால் வகுக்க வேண்டும். காலி என்று திரும்பிப்போகும் சிலிண்டர்களையும் எடை போட்டுப் பாருங்கள். 15 கிலோ சிலிண்டரில் ஒரு கிலோ மிச்சமிருக்கத் திருப்பி அனுப்பினால், எரிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 7 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். விலை வித்தியாசம் குறைவான இடத்தில் முடிவையே மாற்ற இது போதும்.

சரி, இனி காற்று. டீசல் புகை கண்ணுக்குத் தெரியும், மூக்கில் ஏறும். மேல் ரேக்கில் உள்ள பெட்டியின் பிளாஸ்டிக் உறையை வெள்ளைத் துணியால் துடைத்தால் கரி ஒட்டிக்கொண்டு வரும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. கரி வடிகட்டி பொருத்தலாம். ஆனால் அதில் சேர்ந்த கரி எரிந்து போக எஞ்சின் நன்றாகச் சூடேற வேண்டும். கிடங்கில் இரண்டு நிமிடம் ஓடி ஐந்து நிமிடம் நிற்கும் வண்டியில் அந்தச் சூடு வராமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

எல்பிஜியில் கரி கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் அதைச் சுத்தம் என்று நம்பிவிடுகிறோம். என் கவலை இங்கேதான். எஞ்சினுக்குள் போகும் காற்றில் முழுதும் எரியக்கூடியதைவிட எரிவாயு அதிகமாகக் கலந்தால் புகைக்குழாயில் கார்பன் மோனாக்சைடு ஏறும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 2.5 கிலோ எரிக்கும் எஞ்சின் சுமார் 34 கன மீட்டர் புகையை வெளியிடும். கலவை கெட்டுப்போய் அதில் 2 சதவீதம் கார்பன் மோனாக்சைடு இருந்தால் மணிக்கு 0.68 கன மீட்டர். 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரக் கிடங்கைக் கதவு சாத்திவைத்தால் ஒரே வண்டி ஒரு மணி நேரத்தில் காற்றை 85 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 85 பங்குக்குக் கொண்டுபோய்விடும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் 8 மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கும் சராசரி வரம்பு 35 பிபிஎம். இந்த வண்டி அரை மணிக்குள்ளேயே அதைத் தொட்டுவிடும். கலவையைச் சரிசெய்து 0.5 சதவீதத்துக்கு இறக்கினால் மணிக்கு 21 பிபிஎம்தான் ஏறும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடை எரித்துவிடும் நல்ல வினையூக்கி மாற்றியும், கலவையைச் சரியாக வைக்க உதவும் ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்து 0.05 சதவீதத்தில் வைத்திருந்தால் 2 பிபிஎம். எரிபொருள் ஒன்றுதான், காற்று மட்டும் நாற்பது மடங்கு மாறுகிறது.

ஆட்கள் மாலையில் தலைவலி என்கிறார்கள், வெளியே போய்ச் சற்று நின்றால் தெளிகிறது என்கிறார்கள் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பணம் வீணாவதும் இங்கேதான்: கார்பன் மோனாக்சைடு என்பது பாதி எரிந்த எரிபொருள். கலவையைச் சரிசெய்தால் மணிக்கணக்குச் செலவும் குறையும்.

என் தீர்ப்பு இது. பெரும்பகுதி நேரம் திறந்த முற்றத்தில் ஓடி, லோடிங் வாசலுக்கு மட்டும் வந்துபோகிற வண்டி என்றால் டீசலும் சரிதான். விலையைப் பார்த்து முடிவெடுங்கள், போதும். கூரைக்குக் கீழே ரேக்குகளுக்கு நடுவே ஓடுவதற்கு டீசலை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. எல்பிஜி வாங்குங்கள், ஆனால் ஆக்சிஜன் சென்சாரும் வினையூக்கி மாற்றியும் உள்ளதாகப் பார்த்து. அப்புறம் ஒவ்வொரு சர்வீஸிலும் புகைக்குழாயில் கருவியை வைத்து, எஞ்சின் சூடான பின் நின்ற நிலையிலும் வேகத்திலும் கார்பன் மோனாக்சைடு அளவை எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஓட்டுநரின் சட்டையில் மாட்டும் சிறிய கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.