ஆறாவது பல்

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது மகளைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவளுக்கு ஆறரை வயது. ஆடிக்கொண்டிருந்த முன்பல்லைக் காட்டத்தான் போனோம். அதைத் தொட்டுப் பார்த்து "தானா விழுந்துரும்" என்றவர், சின்னக் கண்ணாடியை வாயின் கடைசி வரை கொண்டுபோய், "இங்க பாருங்கம்மா, நடுவுலேர்ந்து எண்ணுங்க" என்றார். ஐந்து பால் பற்கள். அதற்குப் பின்னால் ஆறாவதாக ஒன்று.

நிரந்தரக் கடைவாய்ப் பல்லாம். பால் பல் விழுந்தால்தான் புதுப் பல் வரும் என்றே நினைத்திருந்தேன். இது எதையும் தள்ளிவிட்டு வருவதில்லை. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஈற்றைப் பிளந்துகொண்டு சத்தமில்லாமல் முளைக்கிறது. எதுவும் விழாததால் நமக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் பால் பல்தானே என்று விட்டுவிடுகிறோம்.

கீழ்த்தாடையில் இடப்பக்கப் பல் முழுசாக வந்திருந்தது. வலப்பக்கத்தில் பல்லின் பின்பாதியை ஈறு இன்னும் மூடியிருந்தது. முளைக்கத் தொடங்கிய பல் எதிர்ப் பல்லைத் தொட ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகுமாம். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாகவே இருக்கும். முன்னும் பின்னும் தேய்த்தால் பிரஷ் அதன் மேல் படாமல் தாண்டிப் போய்விடும். பிரஷை உதட்டோரமாக விட்டு, அந்த ஒரு பல்லின் மேல் குறுக்காக வைத்துத் தேய்க்கக் காட்டிக்கொடுத்தார். இரவில் பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும் என்றார். பட்டாணி அளவு ஃபுளூரைடு பேஸ்ட் போதும். தேய்த்த பிறகு துப்பினால் சரி, வாய் கொப்பளிக்க வேண்டாம்.

பல்லின் மேலுள்ள பள்ளங்கள் பிரஷ் முடி நுழைய முடியாத அளவுக்கு ஒடுக்கமானவை. சொத்தை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அதனால் இடப்பக்கப் பல்லுக்கு அன்றைக்கே அந்தப் பள்ளங்களை மூடும் சீலண்ட் பூசினார். ஊசியும் இல்லை, குடைவதும் இல்லை. சுத்தம் செய்து, பஞ்சு வைத்து எச்சிலைத் தடுத்து, அமிலக் களிம்பு தடவிக் கழுவி உலர்த்தினார். பல் சுண்ணாம்பு போல மங்கலாக வெளுத்தது. "இப்படி வெளுத்தாத்தான் ஒட்டும். எச்சில் பட்டா மறுபடி முதல்லேர்ந்து" என்றார். பிறகு பள்ளங்களில் பிசினை ஓடவிட்டு நீல ஒளி காட்டி இறுக வைத்தார்.

வலப்பக்கத்துக்கும் அதையே போடச் சொல்லிக் கேட்டேன், மறுத்துவிட்டார். ஈற்று மடிப்பு இருக்கும்வரை அங்கே ஈரத்தைத் தடுக்க முடியாதாம். அந்தப் பிசின் சீக்கிரம் பெயர்ந்துவிடும். ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற பூச்சைத் தற்காலிகமாக வைத்தார். முழுசாக வந்தபின் பிசின் போட வேண்டும். சீலண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்னார், ஓரம் பெயர்ந்தால் அடியில் அழுக்கு தேங்கும். இரண்டு பற்களுக்கு நடுவில் வரும் சொத்தையை அது தடுக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். கேட்டதையெல்லாம் செய்துவிடாத அந்த நிதானத்துக்காகவே அவரை நம்புகிறேன்.

திரும்பி வந்ததிலிருந்து வாரம் ஒருமுறை அவள் ஈற்றை விரலால் தடவிப் பார்க்கிறேன். நேற்று மேல் இடப்பக்கத்தில் ஒரு முனை தட்டுப்பட்டது.